பந்தயக் கணக்கில் கிடந்த பணம் தானாகக் குறைகிறதா? அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

லண்டனில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு அண்ணன் 2024 அக்டோபரில் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். "தம்பி, என் பெட்டிங் கணக்கிலிருந்து யாரோ 3.40 பவுண்டு எடுத்திருக்கிறார்கள், பாஸ்வேர்டு போய்விட்டது போல" என்றார். திரையில் அப்படித்தான் இருந்தது. ஜூலை 18 அன்று ஒரே ஒரு கழிவு, 3.40. மீதி பூஜ்யம். திருடுகிறவன் 3.40 பவுண்டுக்காகவா உள்ளே வருவான் என்று எனக்குத் தோன்றியது. அவருக்கோ கணக்கில் நாற்பது பவுண்டுக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருந்ததாக ஞாபகம். 2022 டிசம்பர் 18, கத்தார் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கும் என்று கட்டி, பெனால்டி வரை போய் ஜெயித்தது. அதோடு அவர் அந்த ஆப்பைத் திறக்கவே இல்லை.

திருடன் யாரும் இல்லை. பிரிட்டனில் உரிமம் பெற்றே நடக்கும் பந்தயத் தளங்கள் சிலவற்றில் 'செயலற்ற கணக்குக் கட்டணம்' என்று ஒன்று உண்டு. குறிப்பிட்ட காலம் கணக்கைத் தொடாமல் விட்டால் மாதம் இவ்வளவு என்று இருப்பிலிருந்தே கழித்துக்கொள்வார்கள், பூஜ்யம் ஆகும் வரை. அந்தக் காலமும் தொகையும் நாம் கணக்குத் திறந்த அன்று இருந்தபடியே இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. இனி சொல்வதெல்லாம் பிரிட்டன் கணக்குகளுக்கு, அதாவது அங்குள்ள சூதாட்ட ஆணையத்தின் உரிமம் பெற்ற தளங்களுக்குப் பொருந்துவது.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு வேலை. வேறு எதையும் அழுத்துவதற்கு முன் இருப்புப் பக்கத்தையும் பரிவர்த்தனைப் பட்டியலையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். கணக்கை 'உயிர்ப்பிக்க' என்று ஒரு பவுண்டு பெட் கட்டாதீர்கள். டெபாசிட்டும் போடாதீர்கள். பிறகு பிரச்சினை வந்தால் எது எந்த நாளில் நடந்தது என்ற வரிசைதான் உங்கள் கையில் இருக்கும் ஒரே சாட்சி. அதை நீங்களே கலைத்துவிடக் கூடாது.

அறிகுறி: இருப்பு குறைந்திருக்கிறது, ஆனால் பட்டியலில் காரணம் தெரியவில்லை

அண்ணனுக்கு நடந்தது இதுதான். பெரும்பாலும் காரணம் பட்டியல் காட்டும் கால அளவு. ஆப்பைத் திறந்ததும் கடைசி 7 நாள் அல்லது 30 நாள் மட்டும் காட்டும்படி வைத்திருப்பார்கள். வடிகட்டியைத் திறந்து அதிகபட்ச காலத்துக்கு மாற்றுங்கள். அப்போதும் முழுசாக வராது. ஆணையத்தின் தொழில்நுட்ப விதிப்படி, வாடிக்கையாளர் யாரையும் கேட்காமலே பார்க்கும்படி வைக்க வேண்டியது குறைந்தது 3 மாதக் கணக்குதான். குறைந்தது 12 மாதத்துக்கானதைக் கேட்டால் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொள்ளும் தளமும் விதியை மீறவில்லை.

அண்ணன் அக்டோபர் 12 அன்று பார்த்தார். மூன்று மாதம் பின்னால் போனால் ஜூலை 12. அந்தச் சன்னலுக்குள் விழுந்தது கடைசிக் கழிவு மட்டும். லைவ் சாட்டில் "கடந்த 12 மாதப் பரிவர்த்தனை முழுவதையும் மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று கேட்டோம். இரண்டு நாளில் வந்தது:

```
18/12/2023  Inactivity fee  -5.00  33.40
18/01/2024  Inactivity fee  -5.00  28.40
18/02/2024  Inactivity fee  -5.00  23.40
18/03/2024  Inactivity fee  -5.00  18.40
18/04/2024  Inactivity fee  -5.00  13.40
18/05/2024  Inactivity fee  -5.00   8.40
18/06/2024  Inactivity fee  -5.00   3.40
18/07/2024  Inactivity fee  -3.40   0.00
```

எட்டுக் கழிவு, மொத்தம் 38.40. மாதாமாதம் ஒரே தேதி, ஒரே தொகை, கடைசியில் மிச்சம் இருந்ததை வழித்தெடுத்த ஒரு சில்லறைத் தொகை. இந்த வடிவத்தைப் பார்த்தால் வேறு எதையும் தேட வேண்டாம், கட்டணம்தான். தேதியையும் கவனியுங்கள். கடைசியாக அவர் கணக்கைத் தொட்ட டிசம்பர் 18க்குச் சரியாக ஒரு வருடம் கழித்துத் தொடங்கியிருக்கிறது. அந்தப் பன்னிரண்டு மாதம் என்ற எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கதை முழுவதும் அதைச் சுற்றித்தான்.

எல்லாத் தளத்திலும் இப்படி நேரடியாகப் பெயர் போட்டிருக்காது. `Admin fee`, `Dormant account charge`, சில சமயம் வெறும் `Adjustment` என்று இருக்கும். பெயர் எதுவானாலும் வடிவம் மாறாது.

அறிகுறி: ஒரே நாளில் ஒரு பெரிய தொகை போயிருக்கிறது

இது பெரும்பாலும் கட்டணம் அல்ல, போனஸ் காலாவதி. திரையில் மேலே பெரிதாகக் காட்டும் தொகை உங்கள் சொந்தப் பணமும் போனஸும் சேர்ந்த கூட்டாக இருக்கலாம். போனஸுக்கு 7 நாள், 30 நாள் என்று ஆயுள் வைத்திருப்பார்கள், முடிந்ததும் அது மறைந்துவிடும். கணக்கு விவரத்துக்குள் போனால் ரொக்கம் தனி, போனஸ் தனி என்று பிரித்துக் காட்டும் இடம் ஒன்று இருக்கும். போனது போனஸ் என்றால் அதற்குச் சண்டை போட்டுப் பெரிதாகப் பயனில்லை. போனஸோடு சேர்த்து நீங்கள் டெபாசிட் போட்ட ரொக்கத்தையும் எடுத்திருந்தால் அது வேறு விஷயம், அதைக் கீழே சொல்லும் புகார் வழியில் கொண்டுபோங்கள்.

அறிகுறி: 'நான் கணக்கைப் பயன்படுத்திக்கொண்டுதான் இருந்தேன்', ஆனாலும் கட்டணம் பிடித்திருக்கிறார்கள்

'செயல்பாடு' என்றால் என்ன என்பதை நிபந்தனைகளில் அவர்கள் எப்படி வரையறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சில தளங்களுக்கு உள்நுழைந்தாலே போதும். சிலவற்றுக்கு டெபாசிட், வித்ட்ரா, பெட் மூன்றில் ஒன்று வேண்டும். இன்னும் சிலவற்றில் சொந்தப் பணத்தில் பெட் கட்டினால் மட்டுமே கணக்கு 'உயிரோடு' இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள். மாதம் ஒருமுறை ஆப்பைத் திறந்து ஸ்கோர் பார்த்துவிட்டு மூடுகிறவர் இந்தக் கடைசி வகையில் செயலற்றவர்தான்.

இந்த வரையறை எனக்குப் பிடிக்காத ஒன்று. விளையாட்டை விட்டுவிட்டவரைப் பணம் பறிபோகும் பயத்தில் மறுபடி ஒரு பெட் கட்ட வைக்கிறது. மீதியைக் காப்பாற்றச் சரியான வழி பெட் கட்டுவது அல்ல, முழுவதையும் வித்ட்ரா செய்வது. கட்டணம் இருப்பில் மீதி இருந்தால்தான் கழியும். பூஜ்யத்துக்குக் கீழே போய் உங்களைக் கடனாளியாக்கும் நிபந்தனையை நான் பார்த்ததில்லை.

அறிகுறி: கணக்குத் திறந்தபோது இருந்த நிபந்தனை இப்போது இல்லை

அண்ணன் விவகாரத்தின் மையம் இது, கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

இப்போதைய நிபந்தனைகளைத் திறந்து பார்த்தோம். 12 மாதம் செயல்பாடு இல்லையென்றால் மாதம் 5 பவுண்டு. அவர்கள் கழித்ததும் அப்படியே. லைவ் சாட்டில் இருந்த பெண்ணும் "கட்டணம் நிபந்தனைப்படி சரியாகக் கழிக்கப்பட்டுள்ளது சார்" என்று சொல்லிவிட்டார். பலரும் இந்த இடத்தில் விட்டுவிடுவார்கள். ஆனால் அந்தப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் 'கடைசியாகத் திருத்தப்பட்டது' என்று ஒரு தேதி இருந்தது: 2023 ஆகஸ்ட் 1. அவர் கணக்குத் திறந்தது அதற்கு முன்னால். அப்படியானால் அவர் ஒப்புக்கொண்டது இந்த நிபந்தனை அல்ல.

பழைய நிபந்தனையை எடுக்க இணையக் காப்பகம் இருக்கிறது. நிபந்தனைப் பக்கத்தின் முகவரியை அப்படியே நகலெடுத்து, இதன் பின்னால் ஒட்டுங்கள்:

```
https://web.archive.org/web/2022*/
```

2022 இருக்கும் இடத்தில் நீங்கள் கணக்குத் திறந்த ஆண்டைப் போடுங்கள். நாள்காட்டி ஒன்று வரும். வட்டமிட்ட நாட்களில் அந்தப் பக்கம் சேமிக்கப்பட்டிருக்கிறது. கணக்குத் திறந்த தேதிக்கு மிக அருகில் இருப்பதைத் திறந்து, முகவரிப் பட்டையும் சேமித்த தேதியும் தெரிய ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். பக்கம் வெறுமையாக வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். நிபந்தனைகளைப் பாப்-அப்பில் காட்டும் தளங்கள் காப்பகத்தில் சரியாகப் பதிவாகாது. அப்போது நிறுவனத்திடமே "நான் கணக்குத் திறந்த நாளில் நடைமுறையில் இருந்த நிபந்தனைகளின் பிரதியை அனுப்புங்கள்" என்று எழுதிக் கேளுங்கள்.

எங்களுக்குக் காப்பகத்திலேயே கிடைத்தது. பழைய நிபந்தனை: 24 மாதம் செயல்பாடு இல்லையென்றால் மாதம் 2 பவுண்டு. இப்போது கணக்குப் போடுங்கள். கடைசிச் செயல்பாடு 2022 டிசம்பர் 18. பழையபடி பார்த்தால் முதல் கழிவே 2024 டிசம்பர் 18க்குத்தான் வரும். நாங்கள் பேசிக்கொண்டிருந்தது அக்டோபரில். அதாவது பழைய நிபந்தனைப்படி அன்றைய தேதியில் ஒரு பென்னிகூடக் கழிந்திருக்கக் கூடாது, 38.40 முழுதாக இருந்திருக்க வேண்டும்.

நிறுவனம் நிபந்தனையை மாற்றவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆணையத்தின் உரிம நிபந்தனை 7.1.1 சொல்வது இது: நிபந்தனைகள் நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும். முக்கியமான மாற்றம் என்றால் அது நடைமுறைக்கு வரும் முன்பே வாடிக்கையாளருக்குத் தெரிவிக்க வேண்டும். இதோடு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் சேர்ந்துகொள்கிறது. அதன் 62ஆம் பிரிவுப்படி, நல்லெண்ணத்துக்கு மாறாக நுகர்வோருக்குப் பாதகமான பெரிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் நிபந்தனை அவரைக் கட்டுப்படுத்தாது. ஒப்பந்தத்தில் சொல்லப்படாத காரணத்துக்காக ஒருதலையாக மாற்றிக்கொள்ளும் அதிகாரம், சட்டத்தின் 2ஆம் அட்டவணையில் நியாயமற்றதாகக் கருதப்படக்கூடியவற்றின் பட்டியலில் இருக்கிறது. அட்டவணையில் இருப்பதாலேயே செல்லாது என்று ஆகிவிடாது. ஆனால் வாதாட உங்களுக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "ஏன் கழித்தீர்கள்" என்பது இல்லை. அதற்கு அவர்களிடம் தயாரான பதில் உண்டு. "மாற்றத்தை எனக்கு எந்தத் தேதியில், எந்த வழியில் தெரிவித்தீர்கள்" என்பதுதான் கேள்வி. அண்ணனுக்கு வந்த பதில்: உள்நுழையும்போது பாப்-அப் காட்டினோம், மின்னஞ்சலும் அனுப்பினோம்.

பாப்-அப் என்ற பதிலைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். செயலற்ற கணக்குக் கட்டணம் யாரைப் பாதிக்கும்? உள்நுழையாதவரை. பாப்-அப் யார் கண்ணில் படும்? உள்நுழைகிறவர் கண்ணில். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குள் நோட்டீசை ஒட்டிவிட்டு, வீட்டுக்காரர் படித்திருப்பார் என்று சொல்வது போல.

மின்னஞ்சல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அண்ணன் வெகுநாள் முன்பே விளம்பர மின்னஞ்சல் வேண்டாம் என்று டிக் எடுத்திருந்தார். நிபந்தனை மாற்ற அறிவிப்பையும் விளம்பரம் அனுப்பும் அதே பட்டியலில் விட்டால், அதை நிறுத்தியவர்களுக்கு அது போகாது. நடந்ததா இல்லையா என்று ஊகிக்க வேண்டியதில்லை. தனிநபர் தரவுக்கான உரிமையின் கீழ் 'என் கணக்குக்கு அனுப்பப்பட்ட எல்லாத் தகவல்தொடர்புகளின் பதிவையும், உள்நுழைவுப் பதிவையும் தாருங்கள்' என்று எழுதினால் பொதுவாக ஒரு மாதத்துக்குள், கட்டணம் இல்லாமல் தர வேண்டும். நிறுவனத்தின் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் இதற்கான மின்னஞ்சல் முகவரி இருக்கும், வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பினால் இரண்டு நாள் வீண். அண்ணனுக்கு வந்த கோப்பில் 2023 ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு வரிகூட இல்லை. மின்னஞ்சல் போகவே இல்லை.

அனுப்பியிருந்தால்? அப்போதும் இரண்டு இடம் பார்க்கலாம். ஒன்று, அந்த மின்னஞ்சல் மாற்றத்தைச் சொன்னதா அல்லது 'எங்கள் நிபந்தனைகளைப் புதுப்பித்துள்ளோம்' என்று ஒரு இணைப்பை மட்டும் கொடுத்ததா. இரண்டு, புதிய நிபந்தனையின் பன்னிரண்டு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணினார்கள். அண்ணன் கணக்கில் மாற்றம் வருவதற்கு முன் கழிந்த ஏழரை மாதத்தையும் சேர்த்தே எண்ணியிருந்தார்கள். புதிய விதி நடைமுறைக்கு வந்த 2023 ஆகஸ்ட் 1லிருந்து எண்ணியிருந்தால்கூட முதல் கழிவு 2024 ஆகஸ்ட் 1க்குத்தான் வந்திருக்கும், அக்டோபர் 12க்குள் போயிருக்க வேண்டியது மூன்று கழிவு, 15 பவுண்டு மட்டுமே. முழுத் தொகையும் கிடைக்காத நிலை வந்தால் இறங்கி நிற்க இது ஒரு படி.

அறிகுறி: பணம் இருக்கிறது, ஆனால் வெளியே எடுக்க முடியவில்லை, மாதாமாதம் கரைகிறது

குறைந்தபட்ச வித்ட்ரா 10 பவுண்டு, உங்களிடம் இருப்பது 6.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதம் 1.80 ஆகும், அதற்கடுத்த மாதம் ஒன்றும் இருக்காது. ஆப்பில் வழியில்லை என்றால் வழியே இல்லை என்று அர்த்தமில்லை. 'கணக்கை மூடுகிறேன், மீதியை அனுப்புங்கள்' என்று எழுத்தில் கேட்டால் கைமுறையாக வங்கிக்கு அனுப்ப அவர்களால் முடியும். பத்தாக்குவதற்கு 3.20 போடச் சொன்னால் செய்யாதீர்கள். பல தளங்களில் புதிதாகப் போட்ட டெபாசிட்டை ஒருமுறையாவது பெட் கட்டிய பிறகுதான் எடுக்க விடுவார்கள். 6.80 எடுக்கப் போய் 10 பவுண்டையும் விட்ட ஆள் எனக்குத் தெரியும்.

இன்னொரு சாதாரணக் காரணம் பழைய டெபிட் கார்டு காலாவதியாகியிருப்பது. போட்ட கார்டுக்கே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம், அந்தக் கார்டு இல்லையென்றால் வித்ட்ரா 'தோல்வி' என்று திரும்பி வரும். புதிய கணக்கின் வங்கி அறிக்கை ஒன்றை அனுப்பினால் தீரும். 2019க்கு முன் திறந்த கணக்கு என்றால் அடையாளச் சரிபார்ப்பும் கேட்கலாம், ஏனென்றால் பெட் கட்டும் முன்பே பெயர், முகவரி, பிறந்த தேதியைச் சரிபார்க்க வேண்டும் என்ற விதி 2019 மே மாதம்தான் வந்தது. கேட்கும் ஆவணத்தைக் கொடுத்துவிடுங்கள். ஆனால் சரிபார்ப்பு நடக்கும் நாட்களில் கட்டணம் கழிக்க வேண்டாம் என்று அதே மின்னஞ்சலில் எழுதிவையுங்கள்.

அறிகுறி: சுயவிலக்கு எடுத்திருப்பதால் உள்ளேயே போக முடியவில்லை

என்னை இனி பந்தயம் கட்ட விடாதீர்கள் என்று தானே கேட்டுக்கொள்வதுதான் சுயவிலக்கு. எல்லாத் தளங்களுக்கும் சேர்த்து அதைச் செய்யும் கேம்ஸ்டாப்பில் பதிந்தவர்களுக்கும், தளத்திலேயே நேரடியாகச் சுயவிலக்கு எடுத்தவர்களுக்கும் இது வரும். உள்நுழைய முடியாது, எனவே பார்க்கவும் முடியாது. பலர் அந்தப் பணம் போனது போனதுதான் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். அப்படி இல்லை. சுயவிலக்கு எடுத்தவரின் கணக்கை மூடி அதில் இருக்கும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது ஆணையத்தின் சமூகப் பொறுப்பு விதி. மூட வேண்டிய கணக்கைத் திறந்து வைத்து அதில் செயலற்ற கட்டணம் கழித்தார்கள் என்றால் உங்கள் கை மிக வலுவானது. வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் மட்டும் அனுப்புங்கள். பணத்தை எடுப்பதற்காக விலக்கை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. யாராவது அப்படிச் சொன்னால் அதையே புகாரில் சேர்த்துவிடுங்கள்.

அறிகுறி: தளமே காணோம், அல்லது வேறு பெயரில் இருக்கிறது

பந்தயத் தளங்கள் கைமாறுவது சகஜம். வெளியே பெயர் ஒன்று, பின்னால் உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் வேறு. ஆணையத்தின் இணையதளத்தில் பொதுப் பதிவேடு இருக்கிறது, தளத்தின் முகவரியைப் போட்டுத் தேடினால் எந்த நிறுவனத்தின் கீழ் இருந்தது, உரிமம் நடப்பில் உள்ளதா, ஒப்படைக்கப்பட்டதா, ரத்தானதா என்று வரும். நிறுவனம் இன்னும் இயங்குகிறது என்றால் புகார் அதற்கு.

திவால் ஆகியிருந்தால் நிலைமை மோசம். வாடிக்கையாளர் பணத்துக்கு என்ன பாதுகாப்பு என்று ஒவ்வொரு தளமும் நிபந்தனையில் சொல்லியாக வேண்டும். பாதுகாப்பு இல்லை, நடுத்தரம், உயர்ந்தது என்ற அளவில் அது இருக்கும். தனி வங்கிக் கணக்கில் வைத்திருக்கிறோம் என்று மட்டும் இருந்தால் அதுவும் 'பாதுகாப்பு இல்லை' வகைதான். திவாலில், நிறுவனத்திடமிருந்து பணம் வர வேண்டிய மற்றவர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டும். வங்கிக் கணக்கில் மறந்துபோன பணத்தைத் தேட உதவும் ஏற்பாடுகள் இதற்கு இல்லை. 2022ஆம் ஆண்டின் செயலற்ற சொத்துகள் சட்டம் காப்பீடு, ஓய்வூதியம், முதலீடு வரை நீண்டது. பந்தயக் கணக்கு அதில் இல்லை.

பதிவேட்டில் தளத்தின் பெயரே இல்லை, அடியில் கரீபியன் தீவான குராசோவின் உரிமம் என்று மட்டும் போட்டிருக்கிறது என்றால், மேலே சொன்ன விதிகள் எதையும் காட்டி அவர்களை அசைக்க முடியாது. இருப்பதை எடுக்க முடிந்தால் எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்.

காரணம் தெரிந்த பிறகு: புகார்

லைவ் சாட்டில் எத்தனை முறை சண்டை போட்டாலும் அதைப் 'புகார்' என்று பதிவு செய்யாமல் விடக்கூடும். நிபந்தனைகளில் புகாருக்கென்று தனி முகவரி இருக்கும், அதற்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். தலைப்பிலேயே இது முறையான புகார் என்று எழுதுங்கள். அந்த நாளிலிருந்து நிறுவனத்துக்கு 8 வாரம். அதற்குள் முடிவான பதில் வரவில்லை, அல்லது 'இதுதான் எங்கள் கடைசி நிலை' என்ற கடிதம் வந்துவிட்டது என்றால் அவர்கள் பெயர் சொல்லியிருக்கும் சுயாதீனத் தீர்வு அமைப்புக்குப் போகலாம். ஐபாஸ், ஈகோக்ரா ஆகியவை அந்த வகை. வாடிக்கையாளருக்குச் செலவில்லை. ஆணையத்துக்கே எழுதுவதில் தவறில்லை, ஆனால் அது உங்கள் பணத்தை வாங்கித் தராது. தனிப்பட்ட தகராறுகளைத் தீர்ப்பது அதன் வேலை அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்ற வழியும் உண்டு, பொதுவாக ஆறு ஆண்டுக்குள்.

புகாரில் கோபம் வேண்டாம், நீளமும் வேண்டாம். அண்ணனுக்காக நான் எழுதியதில் ஆறு வரிதான் இருந்தது. கணக்குத் திறந்த தேதி, அன்றைய நிபந்தனை, கடைசிச் செயல்பாடு, நிபந்தனை மாறிய தேதி, மாற்றம் தெரிவிக்கப்படவில்லை என்பதற்கு உங்கள் தரவுக் கோப்பே சாட்சி, ஆகவே 38.40 பவுண்டை என் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். இணைப்பாக எட்டுக் கழிவின் பட்டியல், காப்பகப் பக்கம், தகவல்தொடர்புப் பதிவு. "உங்கள் கட்டணம் அநியாயம்" என்று நான் எழுதவில்லை. அது விவாதம், இழுக்கும். "தெரிவிக்கவில்லை" என்பது ஆம்-இல்லை கேள்வி.

ஐந்தாவது வாரத்தில் பதில் வந்தது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை, 'நல்லெண்ண அடிப்படையில்' 38.40 தருகிறோம் என்றார்கள். வார்த்தை எதுவானால் என்ன என்று அண்ணன் சந்தோஷப்பட்டார். ஆனால் ஆப்பைத் திறந்தால் பணம் பந்தயக் கணக்கில் வந்து உட்கார்ந்திருந்தது, போனஸ் பகுதியில், ஒருமுறை பெட் கட்டினால்தான் எடுக்கலாம் என்ற குறிப்போடு. மறுபடி ஒரு மின்னஞ்சல்: கழித்தது ரொக்கம், ஆகவே திரும்ப வேண்டியதும் ரொக்கம், வங்கிக்கு அனுப்புங்கள், கணக்கை மூடுங்கள், மூடியதை எழுத்தில் தாருங்கள். பழைய கார்டு காலாவதி என்பதால் வங்கி அறிக்கை கேட்டார்கள், கொடுத்தோம். டிசம்பர் முதல் வாரம் வங்கியில் விழுந்தது. அண்ணனுக்குப் பணம் வந்ததைவிட, கணக்கு மூடப்பட்டது என்று வந்த அந்த இரண்டு வரி மின்னஞ்சல்தான் பெரிதாக இருந்தது. அதை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.